பெட்டி பூதிகோட்டைக்குப் போனதும் மினிட்ஸில் ஏறியதும்

எங்கள் மரண உதவிச் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் சாகலாம், தடையில்லை. மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், இடம் பிடிப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை உண்டாக்கியவன் நான், சங்கத்தின் செயலாளர்.

செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கூட்டத்துக்கு மற்றவர்கள் வாயைக் கொண்டு வருவார்கள், நான் பேனாவைக் கொண்டு போவேன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் நந்திதுர்க் பக்கம் சுரங்க வாயிலுள்ள ஷாஃப்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் இங்கே பலருக்கு நான் இன்னும் ‘ரைட்டர்’தான். எனக்கு ஒரு வியாதி உண்டு. தேதியும் கிழமையும் பொருந்தாமல் எங்கே இருந்தாலும் கை அரிக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வியாழன் என்று போட்டிருந்து அன்று புதனாக இருந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் பேனாவால் திருத்திவிட்டு வருவேன். எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன்களில் யார் எந்தக் கிழமை இறந்தார் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எதற்காக வாழ்ந்தார் என்று கேட்டால் வேறு ஆளிடம் போக வேண்டும்.

சங்கத்தின் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஷாமியானா, நாற்காலிகள், ஒரு பெரிய பாய்லர், ஐஸ் பெட்டி ஆகியவை உண்டு. முதல் மூன்றுக்கும் சண்டை வந்ததில்லை. ஐஸ் பெட்டி என்பது கண்ணாடி மூடி போட்ட, மின்சாரத்தில் ஓடும், பிணத்தை வைக்கிற குளிர்ப்பெட்டி. அது வருவதற்கு முன் பங்காருபேட்டையிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவோம். பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிற பிள்ளைகள் சேர்ந்து நன்கொடை வசூலித்து வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் புத்த விகாரையின் பின்பக்கக் கூடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறோம். இந்து வீடானாலும் பௌத்த வீடானாலும் அதே பெட்டிதான், அதே குளிர்தான். கூட்டம் நடப்பதும் அதே கூடத்தில் என்பதால், நாற்காலி போதாத நாளில் யாராவது ஒருவர் பெட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டுதான் ஜனநாயகத்தில் பங்கெடுப்பார்.

அந்தப் பெட்டி ஒரு நாள் பூதிகோட்டைக்குப் போனது. அங்கே டிராக்டர் வியாபாரி ஒருவரின் வீட்டில் சாவு. அவர் உறுப்பினர் இல்லை. எங்கள் தலைவருக்கு வேண்டியவர், அவ்வளவுதான். தலைவர் யாரையும் கேட்காமல் பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த வீட்டு மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. மகன் வருகிறவரை பெட்டியும் வரவில்லை.

அந்த இடைவெளியில் எங்கள் பழைய உறுப்பினர் ஒருவர் இறந்துபோனார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சந்தா தவறாதவர். வீட்டில் மகள் மட்டும்தான். அவள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் வேலை செய்கிறாள், தினமும் ரயில். அவள் தலைவருக்குப் போன் செய்திருக்கிறாள். பெட்டி வெளியூருக்குப் போயிருக்கிறது என்று பதில். வேறு வழியில்லாமல் பங்காருபேட்டை ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கட்டி ஐஸ் வந்தது. அந்த ஃபேக்டரியின் வாடிக்கையாளர்கள் மீன் வியாபாரிகள். விடிந்ததும் அவளுடைய அண்ணன் சென்னையிலிருந்து வந்தார், மாலை போட்டார், மூக்கைச் சுளித்தார். அப்பாவின் கால்மாட்டில் சங்கத்தின் மாலையோடு தலைவர் நின்றிருந்தார். அவள் பெட்டி கேட்டதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதாந்திரக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பொருள்: ஐஸ் பெட்டி கடன் கொடுப்பது.

அன்று கூடத்தில் நடந்ததை நான் முழுதாக எழுதியிருந்தால் சங்கத்தைப் பதிவு செய்த அதிகாரியே வந்து பூட்டிவிட்டுப் போயிருப்பார். அந்தப் பெண் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசினாள். “எங்கப்பா பூட்ட அன்னிக்கு நான் தலைவருக்கு போன் பண்ணி பெட்டி கேட்டேன். பூதிகோட்டைக்கு குடுத்துட்டேன்னாரு.” அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் உட்காரவில்லை.

ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் எழுந்து எகிப்தில் தொடங்கினார். ஐஸ் இல்லாமலேயே பிணத்தை ஆயிரக்கணக்கான வருஷம் வைத்திருந்த நாகரிகத்தை அவர் விவரித்துக்கொண்டிருந்தபோது, சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர் பின்வரிசையிலிருந்து, “உக்காருய்யா! இங்க மூணு நாளுக்கே வழியக் காணோம்” என்றார். பொருளாளர் தலைவரைப் பார்த்து, “உன் செத்த மூஞ்சிக்கு பெட்டி ஒண்ணுதான் கொறச்சல்” என்றார். தலைவர் மேசையைத் தட்டினார். மேசை மேல் இருந்த டீ என் குறிப்புத்தாளில் கவிழ்ந்தது. கடைசியில் தீர்மானம் வந்தது. பெட்டி உறுப்பினர் அல்லாதவருக்குப் போகாது, எங்கள் எல்லையைத் தாண்டாது, கொடுப்பதானால் இரண்டு நிர்வாகிகளின் கையெழுத்து வேண்டும். கையைத் தூக்கச் சொல்லி எண்ணினோம். பெரும்பான்மையில் நிறைவேறியது.

நான் எழுதிய வரைவு இப்படி இருந்தது: “ஐஸ் பெட்டி கடன் கொடுப்பது பற்றி உறுப்பினர்கள் விரிவாகக் கருத்துத் தெரிவித்தனர். அதன்பின் கீழ்க்கண்ட தீர்மானம் பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறியது.” பிறகு தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். முடிந்தது. எனக்கு அதில் பெருமை. அந்தக் கூடத்தில் நடந்த யுத்தத்தை ‘விரிவாக’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டேன்.

வரைவை வாட்ஸ்அப்பில் போட்டேன், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன். அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் இருந்தால் திருத்தி, உறுதி செய்து, தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அது மினிட்ஸ். அதுவரை அது வெறும் காகிதம். ஆனால் அந்தக் காகிதத்தில் தன் பேச்சு இல்லை என்று தெரிந்ததும் ஊரே விழித்துக்கொண்டது.

முதலில் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கையில் டைப் அடித்த நான்கு பக்கம்.

“தம்பி, அன்னிக்கு நான் பேசினதோட சாரம். அப்படியே இணைச்சிடு.”

படித்தேன். எகிப்து இருந்தது. எகிப்துக்குப் பின் சீனா வந்தது, சீனாவுக்குப் பின் அரசியல் சாசனம்.

“சார், நீங்க எகிப்துலயே நின்னுட்டீங்களே. உக்காரச் சொன்னாங்க இல்ல?”

“மனசுல முழுசா இருந்துது. பேச உட்டாத்தானே?”

“மனசுல இருந்ததுக்கு மினிட்ஸ் இல்ல சார்.”

அவர் போன பிறகு வைண்டிங் இன்ஜின்காரர் வந்தார். அவருக்கு நான்கு பக்கம் வேண்டாம், ஒரு சொல் போதும். “ரைட்டரே, ‘உக்காருய்யா’ன்னு நான் சொன்னேன் பாரு, அத்த போடு. அன்னிக்கு கூட்டத்துல ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் கேட்டது அது ஒண்ணுதான்.” உண்மையைச் சொன்னால் அது நியாயமான வாதம். நான் அதையும் மறுத்தேன்.

பொருளாளருடைய கவலை வேறு மாதிரி. செத்த மூஞ்சி விஷயத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்.

“அது வரைவுலயே இல்லியே.”

“இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ எழுதாம வுட்டியா, நான் சொல்லி எடுத்தியான்னு எவனுக்குத் தெரியும்? ‘பொருளாளர் கூறிய வார்த்தை அவரது வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது’ன்னு ஒரு வரி போடு.”

“அப்படிப் போட்டா இன்னா வார்த்தைன்னு கேப்பாங்களே?”

“கேட்டா சொல்லு.”

அவருக்கு அந்த வாக்கியத்தின் மேல் உள்ளூரப் பெருமை என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை, ஷாஃப்ட் ஆபீசுடையது. ஷிப்ட் முடிந்து மேலே வருகிற மேஸ்திரி சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட் எழுதுவேன். எந்த லெவலில் வேலை எதுவரை வந்தது, வைத்த வெடிமருந்தில் எது வெடிக்காமல் நின்றது, எங்கே தலைக்கு மேல் பாறை தளர்ந்திருக்கிறது. கேஜில் யார் யாருடைய காலை மிதித்தார், யார் யாருடைய பரம்பரையை இழுத்தார் என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் ஏறாது. கீழே இறங்கப்போகிற அடுத்த ஷிப்டுக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும். மினிட்ஸும் அப்படித்தான் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தேன். பிரசங்கம் செய்யும்போது நான் அழகாக இருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

அந்தப் பெண்ணை ரயில் நிலையத்தில் பார்த்தேன். காலை நடைக்கு நான் பிளாட்ஃபாரம் வரை போவது வழக்கம். சும்மா நடப்பதைவிட ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நடப்பது மனதுக்கு நிம்மதி. அவள் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள்.

“அண்ணா, அந்த ட்ராஃப்ட் பார்த்தேன்.”

“சொல்லும்மா.”

“நான் பேசுனது ஒண்ணுமே இல்லியே.”

“யார் பேசுனதும் இல்லம்மா. அதான் ரூல்.” பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினேன்.

அவள் கேட்கிற நிலையில் இல்லை. “எங்கண்ணன் காரியம் முடிஞ்சு சென்னைக்குப் போனவரு இன்னும் எங்கிட்ட பேசல. பங்காருபேட்டை அத்தை கீறாங்க இல்ல, அப்பாவோட தங்கச்சி, அவங்க கண்ட கண்ட ஊட்லல்லாம் போயி, ‘காலமெல்லாம் சந்தா கட்னவன, பெட்டி ஒண்ணு கேட்டு வாங்காம மீன் ஐஸ்ல கெடத்திட்டா’ன்னு சொல்லிக்கினு கீறாங்க. நான் கேட்டேன்னு சொன்னா நம்பல. அண்ணன் தலைவருக்கு போன் பண்ணிக் கேட்டாராம். அவரு, ‘அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குப்பா, போனவரு நல்லா போய்ச் சேரட்டும்’னுட்டாராம். அண்ணனுக்கு அது போதாதா? தங்கச்சி கேக்கல, தலைவரு பெரிய மனுஷன், காட்டிக் குடுக்க மாட்டேங்குறாருன்னு முடிவு பண்ணிட்டாரு.”

தலைவரின் அந்தப் பதிலை நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பொய் ஒரு சொல் இல்லை. வேலை முடிந்துவிட்டது.

“எனக்கு ஒரே ஒரு வரி போதும்ணா. நான் கேட்டேன்னு.”

“உன்னோட ஒரு வரிய போட்டா, வாத்தியாரோட நாலு பக்கத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது? எகிப்துல இருந்து ஆரம்பிச்சிருக்காரும்மா.” பிறகு ஷிப்ட் ரிப்போர்ட் கதையைச் சொன்னேன். இந்த முறை குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொன்னேன்.

அவள் முழுதும் கேட்டாள். ரயில் ஹாரன் அடித்தது. ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

“வெடிக்காத மருந்து இருந்தா எழுதுவீங்கன்னீங்க இல்லண்ணா?”

“ஆமா. அதான் முதல்ல எழுதணும். தெரியாம அடுத்த ஷிப்ட்காரன் கம்பிய வெச்சுக் குத்தினான்னா அவன் காலி.”

“அப்ப எங்கப்பா விஷயம் இன்னா? கேட்டும் பெட்டி கெடைக்கல. அதுனாலதான இந்தத் தீர்மானமே? அத்த எழுதாம வுட்டீங்கன்னா, நாளைக்கு வர்ற கமிட்டிக்காரன் ‘இது எதுக்கு இந்தக் கட்டுப்பாடு, சும்னே ஒரு தலவலி’ன்னு தூக்கிக் கடாசுவான். அப்பால இன்னொருத்தங்க அப்பா மீன் ஐஸ்ல. வாத்தியார் எகிப்த எடுத்துட்டா தீர்மானத்துக்கு இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. எங்கப்பாவ எடுத்துட்டா?”

ரயில் நகர்ந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். நான் பிளாட்ஃபாரத்தில் நின்றேன். அன்று ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதா என்று கவனிக்க மறந்துவிட்டேன். என் வாழ்நாளில் அது அபூர்வம்.

எதைச் சேர்க்கலாம் என்பதற்கு எனக்கு இரண்டு கேள்விகள் கிடைத்தன. அது அன்று அந்தக் கூடத்தில் சொல்லப்பட்டதா? தீர்மானம் அதன் மேல் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் எகிப்துதான். ஆனால் கேள்வி கிடைத்தது என்பதற்காக நானே வரைவில் அந்த வரியைச் செருகிவிட முடியாது. ஊர் பார்த்துவிட்ட வரைவை யாருக்கும் தெரியாமல் மாற்றினால் நாளைக்கு வாத்தியாரின் நான்கு பக்கமும் அதே வழியில் உள்ளே வரும். திருத்தம் கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். அவளிடம் போனில் சொன்னேன்: “நீ எழுந்து கேளு. மத்தத கூட்டம் பார்த்துக்கும்.” கூட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் செயலாளர் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு முன்தினம் தலைவர் கூப்பிட்டார். ஸ்வீட் கடையில் உட்கார்ந்திருந்தார்.

“ரைட்டரே, எல்லாரும் அவங்க அவங்க பாயிண்ட போடணும்னு கேக்கறாங்களாமே. எனக்கும் ஒரு பாயிண்ட் கீது.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அழகான கையெழுத்து. அவருடைய பேத்தியுடையதாக இருக்க வேண்டும். ‘துயரத்தில் இருப்பவரிடம் உறுப்பினரா என்று கேட்பது மனிதாபிமானம் ஆகாது என்பதால் பெட்டியை வழங்கியதாகத் தலைவர் விளக்கினார்.’

“நல்லா கீது தலைவரே. இத்த அன்னிக்கு சொன்னீங்களா?”

“இந்த அர்த்தத்துல சொன்னேன்.”

“இன்னா வார்த்தைல?”

“வார்த்தைய நீதான் போடணும். எதுக்கு உன்ன செகரெட்டரியா வெச்சிக்கீறோம்?”

அடுத்த நாள் ஞாயிறு. கூடம் நிறைந்திருந்தது. மினிட்ஸை உறுதி செய்யும் பகுதிக்கு வழக்கமாக யாரும் வருவதில்லை. டீ வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் வருவார்கள். அன்று டீக்கு முன்பே நாற்காலி தீர்ந்துவிட்டது. வைண்டிங் இன்ஜின்காரர் ஐஸ் பெட்டியில் சாய்ந்து நின்றார். தலைவர் நடுவில், நான் பக்கத்தில்.

வரைவை வாசித்தேன். பிறகு விதியைச் சொன்னேன்: “திருத்தம்னா அன்னிக்கு நடந்தத சரியா எழுதறது. புதுசா வாதம் சேர்க்கிறது இல்ல. புதுசா ஏதாவது தோணியிருந்தா இன்னைக்கு அஜெண்டாவுல தனியா பேசலாம். சேர்க்கணும்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு கேள்வி.” இரண்டு கேள்வியையும் சொன்னேன்.

வாத்தியார் நான்கு பக்கத்தோடு எழுந்தார். “இது அன்று பேசப்பட்டதே.”

“சீனா வரைக்குமா சார்?” என்று ஒருவர் கேட்டார்.

“அன்று மாலை பேசப்பட்டது.”

“எங்கே?”

“வீட்டுக்குப் போகும் வழியில்.”

“ஆமா, நான் கூட நடந்தேன்,” என்றார் பொருளாளர். “ஊடு வர்ற வரைக்கும் அரசியல் சாசனம்தான். என்னைக் காப்பாத்த யாரும் வரல.”

வாத்தியார் சிரித்துவிட்டார். அவர் நல்ல மனிதர். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குறைந்தது எகிப்து என்ற சொல்லாவது வருமா என்று கேட்டார். வராது என்றேன். ‘உக்காருய்யா’வும் வராது என்றேன். செத்த மூஞ்சி நீக்கப்படவும் இல்லை, நீக்கப்பட்டதாக எழுதப்படவும் இல்லை. அது ஏறவே இல்லை என்று அறிவித்தேன். பொருளாளர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

தலைவர் தன் தாளை மேசை மேல் வைத்தார். “எனக்கும் ஒரு திருத்தம். செகரெட்டரி, படி.”

மனிதாபிமானத்தைப் படித்தேன். எழுத்து நன்றாக இருந்ததால் சிலருக்கு அது உண்மை போலவும் பட்டது.

“இத்த தலைவர் அன்னிக்கு சொன்னாரா? கேட்டவங்க சொல்லுங்க,” என்றேன்.

பெட்டியில் சாய்ந்திருந்தவர் கையைத் தூக்கினார். “நான் கேட்டத சொல்லட்டா? ‘என் பெட்டி, நான் குடுப்பேன், எவன் கேக்கறது’ன்னீங்க.”

“நான் எப்ப அப்படி…”

“அப்ப நான் ஒண்ணு சொன்னேன், ஞாபகம் கீதா? ‘உங்க பெட்டியா? அப்ப ஒருவாட்டி படுத்துப் பாருங்க, அளவு சரியா கீதா’ன்னேன். சுத்தி நின்னவங்க அத்தினி பேரும் சிரிச்சாங்க. இன்னா, சிரிச்சீங்களா இல்லியா?”

சிரித்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளும்போதே மறுபடியும் சிரித்தார்கள். பெட்டியின் கண்ணாடி மூடி அதிர்ந்தது.

“தலைவரே,” என்றேன், என்னால் முடிந்த அளவு மரியாதையாக. “உங்க வாதம் ஏறணும்னா, சொன்ன வார்த்தையிலதான் ஏறும். ‘என் பெட்டி’ன்னு எழுதட்டா?”

தலைவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “வோணாம், வுடு. எல்லாருக்கும் ஒண்ணு எனக்கு ஒண்ணா? யாரோடதும் வோணாம்.”

அந்தப் பெண் எழுந்தாள். அன்று போலவே சுருக்கம். “எங்கப்பா பூட்ட அன்னிக்கு நான் பெட்டி கேட்டேன், கெடைக்கல. இத்த இங்கதான் நின்னு சொன்னேன். அத்த சேர்க்கணும்.”

“பாத்தியா,” என்றார் தலைவர் என்னிடம். “இப்பதான் யாரோடதும் வோணாம்னேன்.”

“சொன்னது உண்மைதானா?” கூட்டத்தைக் கேட்டேன். கேட்காதவர் யாரும் இல்லை. போன கூட்டத்தில் அவள் பேசியபோதுதான் கடைசியாக அந்தக் கூடத்தில் அமைதி இருந்தது. “ரெண்டாவது கேள்வி. தீர்மானம் அதுமேல நிக்குதா?”

வாத்தியார் எழுந்தார். நீளமாகப் போகும் என்று பேனாவை மூடி வைத்தேன். ஆனால் அவர் எகிப்துக்குப் போகவில்லை. “அந்தப் பெண் எழுந்து பேசியிருக்கலேன்னா, நாம அன்னைக்கு ஷாமியானா கிழிஞ்சதப் பத்திப் பேசிட்டு டீ குடிச்சிட்டுப் போயிருப்போம். தீர்மானமே அதுக்குத்தான்.” அவர் ஒரு நிமிடத்துக்குள் பேசி உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் விடவில்லை. “சங்கத்துக்குக் கெட்ட பேரு. நாளைக்கு எவனாவது புக்க எடுத்துப் பார்த்தா, உறுப்பினருக்கே பெட்டி குடுக்கல, இது இன்னா சங்கம்னு கேக்க மாட்டானா? தலைவருக்கு அதிகாரம் கீது. தேவையில்லாதத வெளிய வைக்கலாம்.”

அதில் பாதி சரி. திட்டு, அவதூறு, பொருளோடு ஒட்டாத பேச்சு இவற்றைப் பதிவிலிருந்து விலக்கி வைக்கத் தலைமை வகிப்பவருக்கு இடம் உண்டு. “ஆனா இது திட்டு இல்ல. பொருளுக்கு வெளிய இருக்கிறதும் இல்ல. அப்ப ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இது பொய்யா தலைவரே?”

“பொய்யின்னு நான் சொன்னேனா?”

“அவங்க கேக்கலன்னு சொல்றீங்களா?”

தலைவர் பெட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அண்ணனிடம் போனில் சொன்ன பதிலை இங்கே சொல்ல முடியாது. இங்கே முன்வரிசையில் அவள் நின்றிருந்தாள். “கேட்டுது,” என்றார். “போன் வந்துது. நான் இல்லன்னு சொல்லல.”

உடனே பேரம் தொடங்கினார். “சரி, ‘பெட்டி கிடைக்கவில்லை’ன்னு போட்டுக்க. கேட்டது கேக்காததெல்லாம் வோணாம். ஊட்டு விஷயம்.”

“எனக்கு கெடைக்கலங்கறதே வோணாம் பெரிப்பா,” என்றாள் அவள். “கேட்டேங்கறது போதும்.”

“அப்படி எழுதினா குடுக்காதவன் யாருன்னு கேப்பாங்க. என் பேர் வரும்.”

“உங்க பேரு எனக்கு இன்னாத்துக்கு? நீங்களே வெச்சிக்கங்க. என் பேரு வரட்டும்.”

கூட்டம் கை தட்டியது. எனக்கு அடுத்த தலைவலி வந்தது. எங்கள் மினிட்ஸில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் தவிர யார் பெயரும் வராது. ஒரு பெயரை விட்டால் அடுத்த மாதம் ஊரே வரிசையில் நிற்கும். வைண்டிங் இன்ஜின்காரர் அப்போதே ‘உக்காருய்யா’வைப் புதுப்பிக்கலாமா என்று கண்ணால் கேட்டார். யோசித்து, பெயருக்குப் பதில் அவள் அப்பாவின் உறுப்பினர் எண்ணைப் போடலாம் என்றேன். எண் பொய் சொல்லாது, எண்ணுக்கு ஆசையும் இல்லை. அவளுக்குச் சம்மதம். தலைவர் தன் எண் எங்கேயும் வராது என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அங்கேயே எழுதி வாசித்தேன்: “இன்ன எண்ணுள்ள உறுப்பினர் காலமானபோது அவரது மகள் தொலைபேசியில் பெட்டி கேட்டும், அது வெளியூருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் கிடைக்கவில்லை எனக் கூட்டத்தில் தெரிவிக்கப்பட்டது. இதைக் கருத்தில் கொண்டு கீழ்க்கண்ட தீர்மானம் நிறைவேறியது.” அவர் இறந்த தேதியையும் கிழமையையும் சேர்த்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, என் திருப்திக்கு. கைகள் உயர்ந்தன. தலைவரின் கை உயரவில்லை, ஆனால் தலைமை வகிப்பவர் என்ற முறையில் கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான். பேனாவைக் கொடுத்தேன். வழக்கமாக நான்கு சுழி சுழித்துப் போடுகிறவர், அன்று ஒரு கோட்டோடு நிறுத்திக்கொண்டார். டீ வந்துவிட்டதுதான் காரணம் என்றார்.

அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று அவள் முறைப்படி எழுதிக் கேட்டாள். உறுதி செய்த மினிட்ஸின் நகலைக் கேட்டு வாங்க எங்கள் உறுப்பினருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. எழுதி, ‘உண்மை நகல்’ என்று போட்டு, சங்கத்தின் ரப்பர் சீலை அழுத்திக் கொடுத்தேன். அந்தச் சீலில் மை நன்றாக விழுந்து எத்தனையோ காலம். அன்று விழுந்தது.

அதைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறாள். இரவு அண்ணன் குரூப்பில் எதுவும் எழுதாமல் நேராக அவளுக்குப் போன் செய்தாராம். என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது மினிட்ஸில் ஏறாத வகை.

அத்தை விஷயத்தை மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டைக்குக் காகிதத்தோடு போயிருக்கிறாள். அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, சீலை விரலால் தேய்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

“ஏண்டி, கேட்டியா நீ? இத்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன் அத்தை. பத்துவாட்டி சொன்னேன். அப்ப சீல் இல்ல.”

அத்தை காகிதத்தை மடித்துத் தன் முந்தானையில் வைத்துக்கொண்டாராம். திருப்பித் தரவில்லை. இதற்கு முன்பு எந்தெந்த வீடுகளில் போய்ச் சொன்னாரோ அந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது அதைக் காட்டிக்கொண்டு திரிகிறார் என்று கேள்வி. அவளுக்கு இன்னொரு நகல் வேண்டுமாம். எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.